மூன்று சட்டங்களை வெட்டும் கோடு

இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக் கட்டிய பழைய பாலம் ஒன்றை ஒரு பொறியாளர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மூன்று சட்டங்களில் துரு ஏறிக் கனம் குறைந்திருக்கிறது. அந்த மூன்றும் இப்போது எவ்வளவு விசையைத் தாங்கி நிற்கின்றன என்று தெரிந்தால்தான் லாரிகளைத் தொடர்ந்து விடலாமா, கூடாதா என்று அவரால் சொல்ல முடியும். பாலத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் 21 சட்டங்கள் இருக்கின்றன. மற்ற பதினெட்டைப் பற்றி அவருக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.

இந்தத் தேவைக்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதை வெட்டு முறை என்பார்கள். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் ரிட்டர் 1860-களில் இரும்புக் கூரைகளையும் பாலங்களையும் கணக்கிடுவது பற்றி எழுதிய நூலில் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். அதனால் ஐரோப்பாவில் இன்றும் பலர் இதை ரிட்டர் முறை என்றே சொல்கிறார்கள். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் பத்து நிமிடத்தில் மூன்று விசைகளும் கைக்கு வந்துவிடும். ஆனால் எந்தப் புள்ளியைப் பற்றிக் கணக்குப் போடுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

முதலில் நம் பாலத்தை வரைந்துகொள்வோம். நீளம் 36 மீட்டர், அதில் ஆறு மீட்டர் அகலத்தில் ஆறு கட்டங்கள். மேல்சட்டத்துக்கும் கீழ்சட்டத்துக்கும் இடையே உயரம் 8 மீட்டர். கீழே இடமிருந்து வலமாக ஏழு இணைப்புகள். அவற்றுக்கு கீ0, கீ1 என்று தொடங்கி கீ6 வரை பெயர் வைப்போம். இரண்டு கோடிகளும், அதாவது கீ0-வும் கீ6-உம், தூண்கள் மேல் அமர்ந்திருக்கின்றன. மேலே மே1 முதல் மே5 வரை ஐந்து இணைப்புகள். மே1 சரியாக கீ1-க்கு மேலே, மே2 கீ2-க்கு மேலே, இப்படியே. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாய்வுச் சட்டம், மேலிருந்து பாலத்தின் நடுவை நோக்கிக் கீழே இறங்குகிறது. கோடிக் கட்டங்களில் மட்டும் அது கீ0-விலிருந்து மே1-க்கு ஏறுகிறது. இது 1844-இல் காலெப் பிராட், தாமஸ் பிராட் என்ற அமெரிக்கத் தந்தையும் மகனும் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழி வந்தது. உலகெங்கும் பிராட் ட்ரஸ் என்று பெயர்.

கட்டத்தின் அகலம் 6, உயரம் 8 என்பதால் சாய்வுச் சட்டத்தின் நீளம் சரியாக 10 மீட்டர். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்றே இந்த அளவுகளை எடுத்தேன். சாய்வுச் சட்டத்தில் 10 பங்கு விசை இருந்தால் அதில் 8 பங்கு செங்குத்தாகவும் 6 பங்கு கிடையாகவும் வேலை செய்யும்.

சாலையின் எடையும் வண்டிகளின் எடையும் குறுக்கு உத்தரங்கள் வழியாக வந்து கீழ் இணைப்புகளில்தான் இறங்குகின்றன. கீ1 முதல் கீ5 வரை ஒவ்வொன்றிலும் 100 கிலோநியூட்டன் என்று வைப்போம்; சுமார் பத்து டன் எடைக்குச் சமம். மொத்தம் 500. பாலமும் சுமையும் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொரு தூணும் 250 கிலோநியூட்டனை மேல்நோக்கித் தாங்குகிறது.

நம் பொறியாளர் கவலைப்படும் சட்டங்கள் மூன்றாவது கட்டத்தில் இருக்கின்றன: மேலே மே2–மே3, கீழே கீ2–கீ3, நடுவே சாய்வாக மே2–கீ3.

இதை இணைப்பு இணைப்பாகப் போய்க் கண்டுபிடிக்கவும் முடியும். கீ0-வில் தொடங்கி, அங்கே சேரும் இரண்டு சட்டங்களின் விசையைக் கண்டு, அதை வைத்து கீ1-க்குப் போய், பிறகு மே1, கீ2, கடைசியாக மே2. ஐந்து இணைப்புகளைக் கடந்து பத்து விசைகளைக் கண்ட பிறகுதான் தேவையான மூன்றும் முழுமையாகக் கிடைக்கும். எல்லாச் சட்டங்களும் வேண்டும் என்றால் அது நல்ல வழி. ஆனால் இரண்டாவது இணைப்பில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டால் அந்தப் பிழை பின்னால் வரும் ஒவ்வொரு விடைக்குள்ளும் புகுந்துவிடும்.

ரிட்டரின் வழி நேராக மூன்றாவது கட்டத்துக்கே போகிறது. அந்தக் கட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுப் பாலத்தை இரண்டாக வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடு சரியாக நம் மூன்று சட்டங்களை மட்டுமே வெட்டுகிறது. வலப்பக்கத் துண்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். இடப்பக்கத் துண்டு கீழே விழாமல், சுழலாமல், நகராமல் அப்படியே நிற்க வேண்டும் என்றால், வெட்டுப்பட்ட மூன்று முனைகளிலும், முன்பு சட்டத்துக்குள் இருந்த விசைகளை வெளியிலிருந்து நாமே கொடுக்க வேண்டும். அந்த மூன்று விசைகளைத்தான் தேடுகிறோம்.

முழுப் பாலமும் அசையாமல் நிற்கிறது. ஆகவே அதன் எந்தத் துண்டும் அசையாமல்தான் நிற்கிறது. ஒரு தளத்தில் கிடக்கும் துண்டு அசையாமல் நிற்க மூன்று நிபந்தனைகள்: மேலும் கீழுமான விசைகள் சரிசமமாக வேண்டும், இடமும் வலமுமான விசைகள் சரிசமமாக வேண்டும், எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் திருப்புத்திறன்களின் கூட்டல் பூஜ்யமாக வேண்டும். தெரியாதவை மூன்று, நிபந்தனைகள் மூன்று. வெட்டுக்கோடு மூன்று சட்டங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான்.

மூன்று சமன்பாடுகளை எழுதி ஒன்றாகத் தீர்க்கலாமே என்று தோன்றும். தீர்க்கலாம். ஆனால் ரிட்டர் காட்டியது அதைவிட நேர்த்தியானது. கதவின் கீல் மீது எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கதவு சுழலாது. விசை சுழலும் புள்ளி வழியாகவே போவதால் அதற்குத் திருப்புத்திறன் இல்லை. அப்படியானால், தெரியாத மூன்றில் இரண்டு எந்தப் புள்ளியில் சந்திக்கின்றனவோ, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்குப் போட்டால் அந்த இரண்டும் கணக்கிலிருந்தே விலகிவிடும். மூன்றாவது மட்டும் தனியாக நிற்கும். ஒரு சமன்பாடு, ஒரு விடை.

மேல்சட்டம் வேண்டுமா? மற்ற இரண்டும், அதாவது கீழ்சட்டமும் சாய்வுச் சட்டமும், கீ3-இல் சந்திக்கின்றன. கீ3 நாம் வைத்திருக்கும் இடப்பக்கத் துண்டில் இல்லை. வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. திருப்புத்திறனை எந்தப் புள்ளியைச் சுற்றி வேண்டுமானாலும் எடுக்கலாம். அது இரும்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. கீ3-ஐச் சுற்றி, இடத் தூணின் விசை 18 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, கீ1-இன் சுமை 12 மீட்டர், கீ2-இன் சுமை 6 மீட்டர்:

250 × 18 − 100 × 12 − 100 × 6 = 2700

இந்த 2700 கிலோநியூட்டன்–மீட்டர், துண்டைக் கடிகாரத் திசையில் சுழற்றப் பார்க்கிறது. அதை எதிர்க்கக் கூடியது மேல்சட்டம் மட்டுமே. அது கீ3-இலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2700-ஐ 8-ஆல் வகுத்தால் 337.5 கிலோநியூட்டன். திசை? எதிர்த்திசையில் சுழற்ற வேண்டுமானால் மேலே உள்ள விசை இடப்பக்கமாக, துண்டுக்குள் தள்ள வேண்டும். தள்ளுகிறது என்றால் அந்தச் சட்டம் அமுக்கப்பட்டிருக்கிறது.

கீழ்சட்டத்துக்கு, மற்ற இரண்டும் சந்திக்கும் இடம் மே2. அதைச் சுற்றி தூண் விசை 12 மீட்டரில், கீ1-இன் சுமை 6 மீட்டரில் இருக்கின்றன. கீ2-இன் சுமை மே2-க்கு நேர் கீழே இருப்பதால் அதற்குத் திருப்புத்திறன் கிடையாது.

250 × 12 − 100 × 6 = 2400

எட்டால் வகுத்தால் 300. இம்முறை விசை சுழற்சிப் புள்ளிக்குக் கீழே இருக்கிறது. எதிர்க்க வேண்டுமானால் வலப்பக்கமாக, துண்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். ஆகவே இழுவிசை.

சாய்வுச் சட்டத்துக்கு மட்டும் இந்தத் தந்திரம் அப்படியே பலிக்காது. மற்ற இரண்டும் இணைகோடுகள், எங்கேயும் சந்திக்காது. ஆனால் இரண்டும் கிடையானவை என்பதால் மேலும் கீழும் எதையும் தாங்க முடியாது. எனவே செங்குத்து விசைகளை மட்டும் பார்த்தால் அவை தானாக விலகிவிடும். மேலே 250, கீழே இரண்டு சுமைகள் 200. மிச்சம் 50 மேல்நோக்கி. அதைச் சாய்வுச் சட்டம் கீழே இழுத்துச் சமன் செய்ய வேண்டும். பத்துக்கு எட்டு பங்குதான் செங்குத்து என்பதால் 50-ஐ 0.8-ஆல் வகுத்து 62.5 கிலோநியூட்டன் இழுவிசை.

மூன்றும் வந்துவிட்டன. ஒன்றின் விடை மற்றொன்றின் கணக்கில் எங்கேயும் நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள். மேல்சட்டத்தில் பிழை செய்திருந்தாலும் கீழ்சட்டத்தின் விடை கெடாது.

இப்போது சரிபார்க்க வேண்டும். இதுவரை பயன்படுத்தாத நிபந்தனை ஒன்று கையில் இருக்கிறது: இடமும் வலமும் சமமாக வேண்டும். மேல்சட்டம் இடப்பக்கம் 337.5 தள்ளுகிறது. கீழ்சட்டம் வலப்பக்கம் 300 இழுக்கிறது. சாய்வுச் சட்டத்தின் கிடைப்பங்கு 62.5 × 0.6, அதாவது 37.5, அதுவும் வலப்பக்கம். 300 + 37.5 = 337.5. பொருந்துகிறது.

இந்தச் சோதனையைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தூண் விசையைத் தவறாக 240 என்று எடுத்திருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். மேல்சட்டம் 315, கீழ்சட்டம் 285, சாய்வுச் சட்டத்தின் கிடைப்பங்கு 30. 285 + 30 = 315. மூன்று விடைகளும் தவறு. சோதனையோ அழகாகப் பொருந்துகிறது! கிடைச்சோதனை கூட்டல் கழித்தல் பிழைகளையும் நெம்புதூரப் பிழைகளையும்தான் பிடிக்கும். துண்டின் மேல் என்னென்ன விசைகள் இருக்கின்றன என்று எழுதியதில் உள்ள பிழை அதன் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க வலப்பக்கத் துண்டை எடுத்து, வலத் தூணின் விசையோடு அதே மூன்றையும் தனியாகக் கணக்கிட வேண்டும். அல்லது இன்னும் சுருக்கமாக ஒரு வழி: சமமாகப் பரவிய சுமைக்கு நடுவில் வரும் திருப்புத்திறன், மொத்தச் சுமையை நீளத்தால் பெருக்கி எட்டால் வகுத்தது. கட்டத்துக்கு 100 என்றால் ஆறு கட்டத்துக்கு 600; 600 × 36 ÷ 8 = 2700. கீ3 பாலத்தின் நடுப்புள்ளி என்பதால் நாம் கண்ட எண்ணோடு இது அப்படியே ஒத்துப்போகிறது.

கணினி மென்பொருள் 21 சட்டங்களின் விசையையும் ஒரு நொடியில் அச்சிட்டுத் தருகிறது. அதில் ஒரு தாங்கி தவறாகப் பூட்டப்பட்டிருந்தாலும், சுமை தவறான இணைப்பில் வைக்கப்பட்டிருந்தாலும், அட்டவணை அதே நேர்த்தியோடுதான் வரும். இந்த ஒற்றை வரிக் கணக்கை அதன் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கும் பொறியாளருக்கு அந்தத் தவறு உடனே தட்டுப்படும்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீ3-இன் 100 கிலோநியூட்டன் எந்தத் துண்டுக்குச் சொந்தம்? வெட்டுக்கு வலப்பக்கம் இருப்பதால் வலப்பக்கத் துண்டுக்கு. கீ3-ஐச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தபோது அதை இடப்பக்கத்தில் சேர்த்திருந்தாலும் தூரம் பூஜ்யம் என்பதால் விடை மாறாது; தவறு ஒளிந்துகொள்ளும். செங்குத்துக் கணக்கில் சேர்த்தாலோ 250 − 300 = −50. எண் அதே ஐம்பது, குறி மட்டும் தலைகீழ். இழுபடும் சட்டத்தை அமுக்கப்படும் சட்டம் என்று எழுதிவிடுவோம். எண் பழக்கமானதாக இருப்பதால் சந்தேகமும் வராது.

இழுவிசையா அமுக்குவிசையா என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பத்து மீட்டர் நீளமுள்ள மெல்லிய இரும்புச் சட்டம் இழுத்தால் நன்றாகத் தாங்கும். அதே சட்டத்தை இரு முனைகளிலிருந்தும் அமுக்கினால், இரும்பு நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்துபோகும். பிராட் அமைப்பில் சாய்வுச் சட்டங்கள் நடுவை நோக்கி இறங்குவதே, நீளமான அவை இழுவிசையில் இருக்க வேண்டும், குட்டையான செங்குத்துச் சட்டங்கள் அமுக்குவிசையை ஏற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் அது எப்போதும் உண்மையா? நாம் எல்லா இணைப்புகளிலும் ஒரே சுமை வைத்தோம். பாலத்தின் சொந்த எடை அப்படித்தான் இருக்கும். வண்டிகள் அப்படி நிற்பதில்லை. 100-இல் 40 பாலத்தின் எடை, 60 வண்டிகள் என்று பிரித்துக்கொண்டு, லாரிகள் இடப்பக்கம் கீ1, கீ2 அருகே மட்டும் நெருக்கியடித்து நிற்பதாகவும் மற்ற பகுதி காலியாக இருப்பதாகவும் எடுப்போம். பாலத்தின் எடைக்காக இடத் தூணில் 100. லாரிகளில் கீ1-இன் சுமையில் ஆறில் ஐந்து பங்கும், கீ2-இன் சுமையில் ஆறில் நான்கு பங்கும் இடத் தூணுக்கு வரும்; அது 50 + 40 = 90. தூண் விசை 190. இடப்பக்கத் துண்டின் மேல் இறங்கும் சுமை, இரண்டு இணைப்புகளிலும் நூறு நூறு, 200. இப்போது மிச்சம் 190 − 200, அதாவது கீழ்நோக்கி 10. சாய்வுச் சட்டம் அதை மேலே தள்ள வேண்டும்: 12.5 கிலோநியூட்டன் அமுக்குவிசை.

மொத்தச் சுமை குறைந்திருக்கிறது. ஆனாலும் சாய்வுச் சட்டத்தின் நிலைமை இழுவிசையிலிருந்து அமுக்குவிசைக்கு மாறிவிட்டது. லாரிகள் வலப்பக்கம் கீ3, கீ4, கீ5-இல் மட்டும் நின்றால்? தூண் விசை 100 + 60 = 160; இடப்பக்கத் துண்டில் பாலத்தின் எடை 80 மட்டும்; மிச்சம் 80; சாய்வுச் சட்டத்தில் 100 கிலோநியூட்டன் இழுவிசை. பாலம் முழுக்க வண்டிகள் நிறைந்து நின்றபோது வந்த 62.5-ஐவிட இது எவ்வளவோ அதிகம். முழுச்சுமைதான் மோசமான சுமை என்ற எண்ணம் மேல்சட்டத்துக்கும் கீழ்சட்டத்துக்கும் சரி. நடுக்கட்டங்களின் சாய்வுச் சட்டத்துக்கு அது பொருந்தாது. பழைய பிராட் பாலங்களின் நடுக் கட்டங்களில் எதிர்த்திசையில் இன்னொரு மெல்லிய சாய்வுக் கம்பி ஓடி, கட்டம் பெருக்கல் குறி போலத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு வைத்தது அல்ல அது. முதல் சட்டம் அமுக்கப்படும் நேரத்தில் இழுத்துக்கொள்ள வைத்த மாற்றுச் சட்டம்.

ரிட்டரின் தந்திரம் முழு அழகோடு தெரிவது மேல்சட்டம் வளைந்து செல்லும் பாலங்களில். பிராட் அமைப்பின் மேல்சட்டத்தை நடுவில் உயரமாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் உடைத்து உடைத்துக் கட்டினால் பார்க்கர் ட்ரஸ் என்பார்கள். நீளமான பாலங்களில் இரும்பு மிச்சமாகும். நம் பாலத்திலேயே மே1-ஐ 6 மீட்டர் உயரத்துக்கு இறக்கி, மே2-ஐ 8 மீட்டரிலேயே விட்டுவிடுவோம். சுமை பழையபடி ஒவ்வொரு இணைப்பிலும் 100. இப்போது இரண்டாவது கட்டத்தை வெட்டுகிறோம். மே1–கீ2 என்ற சாய்வுச் சட்டம் வேண்டும்.

செங்குத்துக் கணக்கு இங்கே நேராக உதவாது; மேல்சட்டமே சாய்ந்திருப்பதால் அதுவும் செங்குத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சாய்ந்துவிட்டதால் மேல்சட்டமும் கீழ்சட்டமும் இனி இணைகோடுகள் இல்லை. அவற்றை இடப்பக்கமாக நீட்டினால் எங்கோ சந்தித்தாக வேண்டும். மேல்சட்டம் ஆறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இறங்குகிறது. மே1-இலிருந்து இன்னும் ஆறு மீட்டர் இறங்க 18 மீட்டர் பின்னால் போக வேண்டும். அதாவது இடத் தூணுக்கும் 12 மீட்டர் வெளியே, கரையின் மேல், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்கின்றன. அந்த வெற்றிடத்தைச் சுற்றித் திருப்புத்திறன் எடுக்கிறோம்.

தூண் விசை அங்கிருந்து 12 மீட்டர். கீ1-இன் சுமை 18 மீட்டர். 250 × 12 − 100 × 18 = 1200. சாய்வுச் சட்டத்தின் விசையை அதன் கோட்டின் மேலேயே நகர்த்தி கீ2-க்குக் கொண்டுபோனால், அதன் கிடைப்பங்கு நாம் எடுத்த புள்ளி வழியாகவே போய் விலகிவிடும். செங்குத்துப் பங்கு மட்டும் 24 மீட்டர் தூரத்தில் நிற்கும். 1200 ÷ 24 = 50. சட்டம் 45 பாகைச் சாய்வில் இருப்பதால் முழு விசை சுமார் 70.7 கிலோநியூட்டன், இழுவிசை.

மேல்சட்டம் கிடையாக இருந்திருந்தால் அதே கட்டத்தில் சாய்வுச் சட்டம் 150 கிலோநியூட்டன் செங்குத்துப் பங்கைச் சுமந்திருக்கும். இப்போது ஐம்பதுதான். மீதி நூறு எங்கே போனது? கீ2-ஐச் சுற்றிக் கணக்கிட்டால் மேல்சட்டத்தின் கிடைப்பங்கு 2400 ÷ 8 = 300; மூன்றுக்கு ஒன்று சாய்வு என்பதால் அதன் செங்குத்துப் பங்கு சரியாக 100. மேல்சட்டத்தை வளைத்துக் கட்டுவதால் என்ன கிடைக்கிறது என்பதை இந்த இரண்டு வரிக் கணக்கு சொல்லும் அளவுக்குத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

முறைக்கு எல்லைகளும் உண்டு. வெட்டுப்பட்ட மூன்று சட்டங்களும் ஒரே புள்ளியில் சந்தித்தாலோ, மூன்றும் இணையாக இருந்தாலோ தீர்வு கிடைக்காது. சில பாலங்களில் எங்கே வெட்டினாலும் நான்கு சட்டங்கள் சிக்கும். 1917-இல் முடிந்த கனடாவின் கியூபெக் பாலத்தில் உள்ளது போன்ற கே வடிவ அமைப்பு அப்படிப்பட்டது. அங்கேயும் வெட்டுக்கோடு நேராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்தால் வழி பிறக்கும். செங்குத்துச் சட்டத்தின் நடு இணைப்பைச் சுற்றி வளைத்து வெட்டினால் மேல்சட்டம், செங்குத்துச் சட்டத்தின் இரண்டு பாதிகள், கீழ்சட்டம் என நான்கு வெட்டுப்படும். ஆனால் அதில் மூன்று கீழ் இணைப்பு வழியாகவே போகின்றன. அந்த இணைப்பைச் சுற்றிக் கணக்கிட்டால் மேல்சட்டம் தனியாக வந்துவிடும்.

இன்னொரு எல்லை இதைவிட ஆழமானது. சட்டங்கள் இணைப்புகளில் ஊசியில் கோத்தது போலத் தடையின்றிச் சுழலும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையான பாலத்தில் அங்கே கனமான இரும்புத் தகடுகள் இருக்கும். கஸெட் தகடு என்பார்கள். சட்டங்களை அந்தத் தகட்டோடு ரிவெட்டு அடித்தோ போல்ட் போட்டோ இறுக்கியிருப்பார்கள். சட்டத்தின் விசை சட்டத்திலிருந்து சட்டத்துக்கு மாறுவது அந்தத் தகடு வழியாகத்தான்.

வெட்டு முறை அந்தத் தகட்டுக்குள்ளும் போகும். பழைய பாலத்தின், அதாவது மேல்சட்டம் கிடையாக இருந்த பாலத்தின், மே1 இணைப்பை எடுத்துக்கொள்வோம். கோடிச் சாய்வுச் சட்டம் அங்கே அமுக்கி நிற்கிறது. அதன் கிடைப்பங்கு 187.5. அடுத்த கட்டத்தின் சாய்வுச் சட்டம் அதே இணைப்பை இழுக்கிறது; அதன் கிடைப்பங்கு 112.5. ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று இழுக்கிறது என்றாலும் இரண்டும் வலப்பக்கமாகவே வேலை செய்வதால் கூடி 300 ஆகின்றன. மேல்சட்டத்துக்குச் சற்றுக் கீழே, தகட்டின் குறுக்கே கிடையாக ஒரு கோடு போட்டு வெட்டினால், அந்த 300 கிலோநியூட்டன் முழுவதையும் அந்தக் கோட்டின் நீளத்தில் உள்ள தகடு மட்டும் மேலே கடத்த வேண்டும். தகட்டின் நீளத்தையும் கனத்தையும் பெருக்கி, அந்த இரும்பு பக்கவாட்டுச் சறுக்கலை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் 1967-இல் திறக்கப்பட்ட ஐ-35டபிள்யூ பாலம், 2007 ஆகஸ்ட் 1 மாலை நெரிசல் நேரத்தில் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, யு10 என்று குறிக்கப்பட்ட மேல் இணைப்புகளில் இருந்த கஸெட் தகடுகளை முதன்மைக் காரணமாகக் காட்டியது. அவை அரை அங்குலக் கனமே இருந்தன, தேவைப்பட்டதில் பாதிதான். வடிவமைப்பின் போதே நேர்ந்த தவறு அது. யு10-லும் ஒரு சாய்வுச் சட்டம் அமுக்கி, மற்றொன்று இழுத்து, இரண்டின் கிடைப்பங்கும் ஒரே பக்கம் கூடின. திறந்த பிறகு சாலைத் தளத்தின் கனத்தைக் கூட்டினார்கள். நடுவில் தடுப்புச் சுவர் வந்தது. விபத்து நாளில் பழுதுபார்க்கும் வேலைக்காக மணலும் சல்லியும் வண்டிகளும் அந்தப் பகுதியில் குவிந்திருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2003-இல் எடுத்த படங்களிலேயே அந்தத் தகடுகளின் விளிம்பு வளைந்திருந்தது பின்னர் தெரிய வந்தது.

பழைய பாலங்களின் தாங்குதிறனை மறுமதிப்பீடு செய்யும்போது அதுவரை சட்டங்களை மட்டும்தான் கணக்கிட்டு வந்தார்கள். இணைப்பு சட்டத்தைவிட வலுவாகத்தான் இருக்கும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட அனுமானம். இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் பெடரல் நெடுஞ்சாலை நிர்வாகம் கஸெட் தகடுகளையும் அந்த மதிப்பீட்டில் சேர்த்துச் சோதிக்கச் சொன்னது. இன்று ட்ரஸ் பாலத்தை ஆய்வு செய்யும் பொறியாளர் முதலில் சட்டங்களை வெட்டி மூன்று விசைகளைக் காண்கிறார். பிறகு அந்த விசைகளைத் தகட்டுக்குக் கொண்டுபோய், அதையும் கிடையாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை வெட்டிப் பார்க்கிறார்.